ஹியரிங் எய்ட் கொட்டேஷனை எப்படி வாசிப்பது: நிலை, சேனல், பேட்டரி, பொருத்தும் பணி

காது பரிசோதனை முடிந்ததும் கையில் இரண்டு கொட்டேஷன்கள் வருகின்றன. இரண்டும் ஒரே ஆளுக்கு எழுதப்பட்டவை. ஆனாலும் ஒன்றின் விலை மற்றதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒன்றில் "பிரீமியம், 20 சேனல், ரீசார்ஜபிள்" என்றும், மற்றதில் "ஸ்டாண்டர்ட், 12 சேனல், 312 பேட்டரி" என்றும் எழுதியிருக்கிறது. கருவியைக் காதுக்கு எப்படிப் பொருத்துவார்கள், அதற்குப் பிறகு எத்தனை முறை பார்ப்பார்கள் என்பதைப் பற்றி இரண்டிலும் ஒரு வரிக்கு மேல் இருக்காது, சிலவற்றில் அதுவும் இருக்காது. கேட்கும் திறனைப் பெரிதும் தீர்மானிப்பது அந்த விடுபட்ட வரிதான். அதனால் இந்தக் கட்டுரை முழுவதும் ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு, விலை வித்தியாசத்தின் எந்தப் பகுதி எதற்குப் போகிறது என்று பிரித்துப் பார்க்கிறது.

## எடுத்துக்காட்டு: ஒருவர், இரண்டு கொட்டேஷன்

அறுபதைத் தாண்டிய ஒருவருக்கு இரண்டு காதிலும் வயதோடு வரும் நரம்பு சார்ந்த கேட்கும் திறன் குறைவு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காது பரிசோதனையின் முடிவைக் காட்டும் ஆடியோகிராமில் அவருடைய அளவுகள் இப்படி இருக்கின்றன:

- 250 ஹெர்ட்ஸ்: 20 டெசிபல்
- 500 ஹெர்ட்ஸ்: 25 டெசிபல்
- 1000 ஹெர்ட்ஸ்: 40 டெசிபல்
- 2000 ஹெர்ட்ஸ்: 55 டெசிபல்
- 4000 ஹெர்ட்ஸ்: 65 டெசிபல்

ஹெர்ட்ஸ் எண் கூடக் கூட ஒலியின் சுருதி உயரும், டெசிபல் எண் கூடக் கூட குறைவு அதிகம் என்று பொருள். 500 முதல் 4000 வரையுள்ள நான்கு எண்களின் சராசரி 46. இது மிதமான குறைவு. தாழ்ந்த ஒலிகள் ஏறக்குறைய இயல்பாகக் கேட்கும், உயர்ந்த ஒலிகள்தான் விழுந்திருக்கின்றன. உயிரெழுத்துகளின் பலம் தாழ்ந்த அதிர்வெண்களில் இருப்பதால் யாரோ பேசுவது தெரியும். கடை, தடை, படை ஆகிய மூன்றையும் வேறுபடுத்தும் முதல் ஒலி பெரும்பாலும் 1500 ஹெர்ட்ஸுக்கு மேல் இருப்பதால் எது சொல்லப்பட்டது என்று தெரியாது. "சத்தம் கேட்கிறது, வார்த்தை புரியவில்லை" என்று இவர் சொல்வது அதனால்தான்.

முதல் கொட்டேஷனை அ என்போம். அது அந்தக் கம்பெனியின் உச்ச நிலைக் கருவி: 20 சேனல், லித்தியம் அயான் ரீசார்ஜபிள், ஒரே அமர்வில் பொருத்துதல், ஓராண்டு சேவை. இரண்டாவது ஆ. அது அடியிலிருந்து இரண்டாம் நிலைக் கருவி: 12 சேனல், 312 பேட்டரி, காதுக்குள் அளந்து பொருத்துதல், மூன்றாண்டு சேவை. அ ஜோடியின் விலையை 100 அலகு என்று வைத்தால் ஆ 55 அலகு. அலகு என்பது கணக்கைக் காட்டுவதற்காகத்தான். உங்கள் கொட்டேஷனில் உள்ள தொகைகளை அந்த இடங்களில் போட்டுப் பார்க்கலாம்.

## தொழில்நுட்ப நிலை என்றால் என்ன

பெரிய கம்பெனிகள் ஒரு தலைமுறைக் கருவிக்கு ஒரு சிப் வடிவமைத்து, அதே சிப்பை மூன்று, நான்கு விலைகளில் விற்கின்றன. ஒரே குடும்பத்தில் மைக்ரோபோன், காதுக்குள் ஒலியைத் தரும் ரிசீவர், வெளிக்கூடு ஆகியவை பெரும்பாலும் எல்லா நிலைக்கும் ஒன்றே. மென்பொருளில் எந்தெந்த வசதி திறந்துவிடப்பட்டிருக்கிறது என்பதில்தான் நிலைகள் வேறுபடுகின்றன. அதனால் அமைதியான அறையில் ஒருவரோடு ஒருவர் பேசும்போது, சரியாகப் பொருத்தப்பட்ட கீழ்நிலைக் கருவிக்கும் மேல்நிலைக் கருவிக்கும் பெரிய வித்தியாசத்தை எதிர்பார்க்கக் காரணம் இல்லை.

கீழ்நிலையிலேயே கிடைப்பவை: மெல்லிய ஒலியை அதிகமாகவும் பலத்த ஒலியைக் குறைவாகவும் கூட்டும் கம்ப்ரஷன், விசில் சத்தத்தை அடக்கும் வசதி, இரண்டு மைக்ரோபோன்களைச் சேர்த்து முன்னால் இருப்பவரின் பேச்சுக்கு முன்னுரிமை தரும் திசை வசதி, ஓரளவு இரைச்சல் குறைப்பு.

மேலே போகப்போகச் சேருபவை: சுற்றுப்புறத்தை நுணுக்கமாக வகை பிரித்துத் தானே அமைப்பை மாற்றுவது, இரண்டு கருவிகளும் தங்களுக்குள் தகவல் பரிமாறி இன்னும் குறுகிய திசையில் குவிவது, காற்றடிக்கும் சத்தத்தையும் பாத்திரம் மோதுவது போன்ற திடீர் சத்தத்தையும் தனியாக அடக்குவது. இவை எல்லாம் இரைச்சலான, வேகமாக மாறும் இடங்களுக்கானவை.

இங்கே ஒரு தெளிவு தேவை. இரைச்சல் குறைப்பு வசதி கேட்பதன் களைப்பைக் குறைக்கும், காதுக்கு இதமாக இருக்கும். ஆனால் இரைச்சலில் வார்த்தை புரிவதை அது தனியாக அதிகம் உயர்த்துவதில்லை. புரிதலுக்கு உதவுவது திசை வசதி. அதற்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. நம் எடுத்துக்காட்டில் உள்ளவருக்குத் தாழ்ந்த ஒலிகள் நன்றாகக் கேட்பதால், காதை அடைக்காத ஓட்டையுள்ள சிலிகோன் முனையைத்தான் போடுவார்கள். அதை ஓபன் டோம் என்பார்கள். அந்த ஓட்டை வழியாக அறையின் இரைச்சல் கருவியைத் தொடாமல் நேராகக் காதுக்குள் போய்விடும். உச்ச நிலைத் திசை வசதி வடிகட்டுவது கருவி வழியாக வரும் பகுதியை மட்டும்தான். எனவே ஓபன் டோமோடு வாங்கும்போது அந்த வசதிக்குக் கொடுக்கும் பணத்தின் ஒரு பகுதி பயன்படாமலே போகும். கொட்டேஷன் தருபவரிடம் "எனக்கு எந்த டோம் போடப் போகிறீர்கள்?" என்று கேட்காமல் நிலையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

நிலைகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைச் சோதித்துப் பார்த்த ஆய்வும் உண்டு. மெம்பிஸ் பல்கலைக்கழகத்தில் ராபின் காக்ஸ் குழு 2014இல் வெளியிட்ட ஆய்வில், லேசானது முதல் மிதமானது வரையிலான குறைவுள்ள 25 முதியவர்கள், இரண்டு பிராண்டுகளின் அடிப்படைக் கருவியையும் பிரீமியம் கருவியையும் ஒவ்வொன்றாக ஒரு மாதம் அணிந்தார்கள். எது எந்த நிலை என்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. கருவி இல்லாத நிலையோடு ஒப்பிட்டால் எல்லாக் கருவிகளும் உதவின. அடிப்படைக்கும் பிரீமியத்துக்கும் இடையே பேச்சுப் புரிதலில் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் வரவில்லை. நான்கு கருவிகளுமே கவனமாக அளந்து பொருத்தப்பட்டவை என்பதைச் சேர்த்தே இதை வாசிக்க வேண்டும். அளக்காமல் மாட்டிய மலிவுக் கருவியும் பிரீமியமும் ஒன்று என்று இந்த ஆய்வு சொல்லவில்லை.

உச்ச நிலை தேவைப்படுபவர்களும் இருக்கிறார்கள். நாள் முழுவதும் கூட்டங்களில் உட்கார்ந்து பலர் மாறி மாறிப் பேசுவதைக் கேட்க வேண்டியவர், தொழிலுக்காக ஒரே நாளில் வீடு, வாகனம், தெரு, அரங்கம் என்று மாறிக்கொண்டே இருப்பவர் ஆகியோருக்குத் தானாக மாறும் அமைப்பு வசதியானது. வீட்டில் இருவரோடு பேசி, தொலைக்காட்சி பார்த்து, எப்போதாவது கூட்டத்துக்குப் போகிறவருக்கு வேறு வழி இருக்கிறது: நடு நிலைக் கருவியோடு ரிமோட் மைக்ரோபோன் ஒன்று. பேசுபவரின் சட்டையில் குத்தியோ மேசை மேல் வைத்தோ பயன்படுத்தும் சிறு மைக் அது. வாய்க்கு அருகிலேயே ஒலியைப் பிடித்துக் கருவிக்கு அனுப்புவதால், இரைச்சலை விடப் பேச்சு எவ்வளவு மேலே இருக்கிறது என்ற இடைவெளியை அது 10 டெசிபலுக்கு மேலும் உயர்த்தக்கூடும். காதில் உள்ள திசை மைக்ரோபோன்கள் அன்றாட வாழ்வில் தருவது பெரும்பாலும் 2 முதல் 4 டெசிபல்தான். தூரம்தான் பேச்சின் பெரிய எதிரி. தூரத்தைக் குறைக்கும் கருவி, வடிகட்டும் கருவியை வெல்கிறது.

## சேனல் எண்ணிக்கை

சேனல் என்பது கருவி ஒலியைப் பிரிக்கும் அதிர்வெண் பகுதி. 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை 12 பகுதியாகப் பிரித்தால், ஒவ்வொன்றிலும் எவ்வளவு கூட்டுவது, எப்போது அடக்குவது என்று தனியாக முடிவெடுக்கலாம். நம் எடுத்துக்காட்டில் 500இல் ஏறக்குறைய ஒன்றுமே கூட்டக் கூடாது, 4000இல் நிறையக் கூட்ட வேண்டும். சேனல் ஒன்றிரண்டுதான் என்றால் இந்தச் சரிவைப் பின்பற்ற முடியாது. 4000க்காகக் கூட்டினால் 1000உம் சேர்ந்து உயர்ந்துவிடும்.

அதற்கு எத்தனை சேனல் போதும்? ஆடியோகிராமே ஐந்தாறு புள்ளிகளில்தான் அளக்கப்படுகிறது. யண்ட், பக்கிள்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், இரைச்சலில் பேச்சுப் புரிதல் 4 சேனலிலிருந்து 8க்குப் போனபோது உயர்ந்தது, 8இலிருந்து 16க்குப் போனபோது உயரவில்லை. நம் எடுத்துக்காட்டில் உள்ளது சீரான சரிவு. அதற்கு 12 சேனல் தாராளம். 1000 ஹெர்ட்ஸில் இயல்பாக இருந்து 2000இல் திடீரென்று பள்ளமாக விழும் ஆடியோகிராம் என்றால் கூடுதல் சேனலுக்கு வேலை உண்டு. விசிலையும் இரைச்சலையும் குறுகிய பகுதியில் மட்டும் அடக்கவும் கூடுதல் சேனல் உதவும்.

அதிகம் என்றாலே நல்லது என்றும் இல்லை. ஒவ்வொரு சேனலும் தன் பகுதியில் உரத்ததை அடக்கி மெல்லியதை உயர்த்துகிறது. இது மிக வேகமாகவும் மிகக் குறுகிய பகுதிகளிலும் நடந்தால், ஓர் உயிரெழுத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் மேடு பள்ளங்கள் மட்டமாகிவிடும்.

இரண்டு கம்பெனிகளின் சேனல் எண்களை எதிரெதிரே வைத்து ஒப்பிடுவதும் வீண். ஒரு கம்பெனி கம்ப்ரஷன் சேனலை எண்ணும். இன்னொன்று சிப்புக்குள் சிக்னலைப் பிரிக்கும் பகுதிகளை எண்ணி 48, 64 என்று எழுதும். மூன்றாவது, பொருத்துபவர் கணினியில் ஏற்றி இறக்கும் பிடிகளை எண்ணும். ஒரு கம்பெனியின் உச்ச நிலை 20 சேனலாகவும், இன்னொன்றின் உச்ச நிலை 15 ஆகவும் இருந்தால் முதலாவது சிறந்தது என்று ஆகாது. சேனல் எண்ணை ஒரே கம்பெனியின் ஒரே தலைமுறைக்குள் மட்டுமே ஒப்பிடலாம். அங்கேயும் அது பெரும்பாலும் நிலையின் அடையாளம்தான். அ கொட்டேஷனில் 20 என்ற எண்ணுக்காக மட்டும் ஒரு அலகுகூடக் கூடுதலாகக் கொடுக்க இந்தக் காதுக்குக் காரணம் இல்லை.

## பேட்டரி: விலையோடு விரலையும் பார்க்க வேண்டும்

கழற்றி மாற்றும் பேட்டரிகள் ஜிங்க் ஏர் வகை. அளவு எண்ணும் ஸ்டிக்கர் நிறமும் எங்கும் ஒன்றே: 10 மஞ்சள், 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம். ஸ்டிக்கரை எடுத்ததும் சிறு துளை வழியே காற்று நுழைந்து பேட்டரி உயிர் பெறும். உடனே கருவியில் போடாமல் ஓரிரு நிமிடம் வெளியே வைத்தால் முழு மின்னழுத்தம் வரும். ஒருமுறை எடுத்த ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டினாலும் பேட்டரி தீர்ந்துகொண்டேதான் இருக்கும்.

312 பேட்டரியின் கொள்ளளவு சுமார் 170 மில்லி ஆம்பியர்-மணி. கருவி சராசரியாக 1.5 மில்லி ஆம்பியர் எடுத்தால் 113 மணி நேரம் வரும். நாளொன்றுக்கு 14 மணி நேரம் அணிபவருக்கு அது எட்டு நாள். ஐந்தாண்டுக்கு ஒரு காதுக்கு 228, இரண்டு காதுக்கு 456 பேட்டரி. ஆறு கொண்ட அட்டையாக வாங்கினால் 76 அட்டை. செல்போன் பேச்சும் பாட்டும் கருவிக்கே நேராக வரும்படி நிறையக் கேட்டால் எட்டு நாள் ஆறு நாளாகும். அப்போது 608 பேட்டரி, 102 அட்டை. உங்கள் ஊரில் ஓர் அட்டையின் விலையை இந்த எண்ணால் பெருக்கிப் பார்த்தால் பேட்டரியின் உண்மையான செலவு தெரியும்.

லித்தியம் அயான் வகையில் இந்தச் செலவு இல்லை. இரவில் மூன்று நான்கு மணி நேரம் சார்ஜ் ஏறினால் அடுத்த நாள் முழுவதும் ஓடும். ஆனால் இதிலும் செலவு இருக்கிறது, அது பிற்பாடு வருகிறது. தினமும் ஒருமுறை சார்ஜ் என்றால் ஐந்தாண்டில் 1,825 முறை. நான்காம், ஐந்தாம் ஆண்டில் பேட்டரி மெலியத் தொடங்கும். இரவு பத்து மணி வரை ஓடியது மாலை ஆறு மணிக்கே அணைவதுதான் அதற்கு அடையாளம். பல மாடல்களில் பேட்டரி கூட்டுக்குள் மூடப்பட்டிருப்பதால் நீங்களே மாற்ற முடியாது, கருவியைக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். அந்த வாரங்களில் காதில் என்ன போடுவது என்பதும் ஒரு கேள்வி. சார்ஜர் தொலைந்தாலோ பழுதானாலோ கருவி மறுநாளே நின்றுவிடும்.

ஆனாலும் பேட்டரி வகையை விலையை மட்டும் பார்த்துத் தீர்மானிப்பது சரியல்ல என்பது என் கருத்து. 312 பேட்டரியின் குறுக்களவு எட்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. கை நடுக்கம், விரல் மரத்துப்போதல், கண்புரை உள்ளவர் வாரத்துக்கு ஒருமுறை அதை எடுத்துச் சரியான பக்கமாகப் போட வேண்டும். கொட்டேஷன் வாங்கும் இடத்திலேயே அவர் கையில் கருவியைக் கொடுத்து, பேட்டரியை எடுத்துத் திரும்பப் போடச் சொல்லிப் பாருங்கள். இரண்டு முறை தடுமாறினால் ரீசார்ஜபிளுக்குக் கூடுதலாகக் கொடுப்பது நியாயமான செலவு. மாறாக, மின்வெட்டு அதிகமுள்ள இடத்தில் இருப்பவருக்கும் பல நாள் தொடர்ந்து பயணம் செய்பவருக்கும் சட்டைப்பையில் ஓர் அட்டை பேட்டரி பெரும் நிம்மதி.

## பொருத்துதல்: கொட்டேஷனில் விடுபடும் வரி

கருவியைக் கணினியில் இணைத்து ஆடியோகிராமை ஏற்றினால், கம்பெனி மென்பொருள் தானாக ஓர் அமைப்பைப் போடும். இதற்கு முதல் பொருத்தம் என்று பெயர். பத்து நிமிட வேலை. பல இடங்களில் பொருத்தும் பணி இத்தோடு முடிந்துவிடுகிறது.

இதில் இரண்டு குறைகள் உண்டு. மென்பொருள் ஒரு சராசரிக் காதை மனத்தில் வைத்துத்தான் கணக்கிடுகிறது. காதுக் குழாயின் நீளமும் அகலமும், டோம் எவ்வளவு இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறது என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். அதே அமைப்பு ஒருவர் செவிப்பறையில் அதிகமாகவும் இன்னொருவருக்குக் குறைவாகவும் வந்து சேரும். தவிர, முதல் நாளே "கூர்மையாக இருக்கிறது, வேண்டாம்" என்று வாங்குபவர் சொல்லிவிடக் கூடாது என்று, கம்பெனி அமைப்புகள் உயர் அதிர்வெண்களைக் குறைத்தே வைப்பது வழக்கம். நம் எடுத்துக்காட்டில் உள்ளவருக்குக் குறைவு இருப்பதோ சரியாக அந்த இடத்தில்.

இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி காதுக்குள் அளப்பது. ரியல் இயர் மெஷர்மென்ட் என்று கேட்டால், காதைச் சோதித்துக் கருவி பொருத்தும் ஆடியாலஜிஸ்டுக்குப் புரியும். அது நடக்கும் முறை இதுதான்:

1. காதுக்குள் மெழுகு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அகற்றுவார்கள்.
2. மெல்லிய சிலிகோன் குழாய் ஒன்றைச் செவிப்பறைக்கு 5 மில்லிமீட்டர் அருகில் வரும்படி உள்ளே விடுவார்கள். பெரியவர்களுக்குப் பொதுவாக 28 முதல் 30 மில்லிமீட்டர் உள்ளே போகும். லேசாகக் கூச்சமாக இருக்கும், வலிக்காது.
3. குழாய் இருக்கும்போதே கருவியை மாட்டி, எதிரே உள்ள ஸ்பீக்கரில் பேச்சு போன்ற ஒலியை 65 டெசிபலில் போடுவார்கள். இது சாதாரணப் பேச்சின் உரம்.
4. திரையில் ஓர் இலக்குக் கோடும், காதில் வந்து சேரும் ஒலியின் கோடும் தெரியும். இலக்குக்குப் பெரும்பாலும் NAL-NL2 என்ற சூத்திரத்தைப் பயன்படுத்துவார்கள், அந்தப் பெயர் திரையிலும் அச்சுத்தாளிலும் இருக்கும். இரண்டு கோடுகளும் 5 டெசிபலுக்குள் நெருங்கும்வரை சேனல்களைத் திருத்துவார்கள்.
5. மெல்லிய பேச்சுக்கு 55 டெசிபலிலும், உரத்த பேச்சுக்கு 75 அல்லது 80 டெசிபலிலும் திரும்பப் பார்ப்பார்கள். கடைசியாகப் பலத்த ஒலி ஒன்றைப் போட்டு, காதை வருத்தும் எல்லையைக் கருவி தாண்டவில்லை என்று உறுதி செய்வார்கள்.

இரண்டு காதுக்கும் சேர்த்து அரை மணி நேரத்தில் முடியும் வேலை. இப்போது நம் எடுத்துக்காட்டுக்கு வருவோம். 4000 ஹெர்ட்ஸில் இலக்கு 24 டெசிபல் கூடுதல் என்றும், முதல் பொருத்தத்தில் காதில் சேர்வது 15 என்றும் வைத்துக்கொள்வோம். ஒன்பது டெசிபல் குறைகிறது. கடை, தடை, படை பிரியும் இடத்திலேயே இந்தக் குறை விழுகிறது. கருவி உச்ச நிலையாக இருந்தாலும், 20 சேனல் இருந்தாலும், அந்தச் சேனலுக்கு யாரும் சரியான எண்ணைக் கொடுக்கவில்லை என்றால் பயன் இல்லை. அ கொட்டேஷன் இந்த அளவீடு இல்லாமல் வருகிறது, ஆ அதோடு வருகிறது. ஆ மலிவாக இருந்தும் இவருக்கு நன்றாகக் கேட்கக்கூடிய சாத்தியம் அதிகம் என்பதற்கு இதுதான் காரணம்.

## பிறகு வரும் அமர்வுகளில் என்ன நடக்க வேண்டும்

பல ஆண்டுகள் உயர் ஒலிகளே இல்லாமல் பழகிய மூளைக்கு அவை திடீரென்று வந்தால் உறுத்தும். அதனால் இலக்கின் 80 விழுக்காட்டில் தொடங்கி, சில வாரங்களில் முழு அளவுக்கு ஏற்றுவது உண்டு. இரண்டு வாரத்தில் ஒன்று, ஆறு வாரத்தில் ஒன்று, மூன்றாம் மாதத்தில் ஒன்று, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்பது நல்ல ஒழுங்கு. ஏற்றுவதை யாரும் செய்யாவிட்டால் கருவி அந்த 80இலேயே நின்றுவிடும்.

இந்த அமர்வுகளில் நடக்கும் பெரிய தவறு ஒன்று உண்டு. எந்தக் குறை சொன்னாலும் மொத்த ஒலியைக் குறைத்து அனுப்பிவிடுவது. குறை எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்தில்தான் கை வைக்க வேண்டும்:

1. "என் குரலே பானைக்குள் பேசுவது போல இருக்கிறது." காது அதிகமாக அடைபட்டிருக்கிறது. ஓட்டை பெரிதான டோம் போட வேண்டும், அல்லது தாழ்ந்த அதிர்வெண்களை மட்டும் குறைக்க வேண்டும்.
2. "பாத்திரம் விழுந்தால் தாங்க முடியவில்லை." உரத்த ஒலிக்கான கூடுதலையும் உச்ச எல்லையையும் மட்டும் இறக்க வேண்டும். மெல்லிய ஒலிக்கான கூடுதலில் கை வைத்தால் பேச்சு போய்விடும்.
3. "சத்தம் வருகிறது, வார்த்தை தெளிவாக இல்லை." உயர் அதிர்வெண் போதவில்லை. காதுக்குள் அளந்து பார்க்க வேண்டும்.
4. "போன வாரம் வரை நன்றாக இருந்தது, இப்போது மந்தமாக இருக்கிறது." புரோகிராமைத் தொடக் கூடாது. ரிசீவர் முனையில் உள்ள வேக்ஸ் கார்டு என்ற சிறு வடிகட்டி மெழுகால் அடைந்திருக்கும். மாற்ற ஒரு நிமிடம் போதும். இதை வீட்டிலேயே செய்யக் கற்றுத்தர வேண்டும்.
5. "விசில் அடிக்கிறது." டோம் அளவு சிறியது, சரியாக உள்ளே போகவில்லை, அல்லது காதில் மெழுகு சேர்ந்திருக்கிறது.

கருவி ஒரு நாளில் எத்தனை மணி நேரம் அணியப்பட்டது என்ற பதிவு அதற்குள்ளேயே இருக்கும். பின்தொடர் அமர்வில் அதைத் திறந்து பார்க்கிறாரா என்று கவனியுங்கள். பத்து மணி என்றால் கருவி பழகிவிட்டது. இரண்டு மணி என்றால் "நன்றாக இருக்கிறது" என்று அணிபவர் மரியாதைக்குச் சொன்னாலும் ஏதோ தவறு இருக்கிறது.

## ஐந்தாண்டுக் கணக்கு

இனி அலகுகளைக் கூட்டலாம். ஓர் அமர்வுக்குத் தனியாகக் கட்டணம் 0.75 அலகு என்றும், ஆண்டுக்கு இரண்டு அமர்வு என்றும் வைத்துக்கொள்வோம். டோம், வேக்ஸ் கார்டு இரண்டுக்கும் பொது என்பதால் விட்டுவிடலாம்.

அ:
- கருவி ஜோடி, ஓராண்டு சேவை: 100
- அடுத்த நான்கு ஆண்டு, 8 அமர்வு: 6
- ஐந்தாம் ஆண்டில் லித்தியம் பேட்டரி மாற்ற: 10
- காதுக்குள் அளக்கத் தனிக்கட்டணம்: 3
- மொத்தம்: 119

ஆ:
- கருவி ஜோடி, அளவீடு, மூன்றாண்டு சேவை: 55
- கடைசி இரண்டு ஆண்டு, 4 அமர்வு: 3
- 76 அட்டை பேட்டரி: 11
- மொத்தம்: 69
- ரிமோட் மைக்ரோபோன் சேர்த்தால் இன்னும் 15: மொத்தம் 84

ஆண்டுக்கு அ 23.8, ஆ மைக்கோடு 16.8. கொட்டேஷனில் 45 அலகாகத் தெரிந்த இடைவெளி, இரைச்சலுக்கான மைக்கையும் ஆவில் சேர்த்த பிறகு 35 ஆகிறது. அந்த 35க்குக் கிடைப்பவை: பேட்டரி மாற்றும் தொல்லை இல்லாமை, தானாக மாறும் அமைப்பு, கையில் மைக் எடுத்துப்போக வேண்டாத வசதி. நம் எடுத்துக்காட்டில் உள்ளவர் பெரும்பாலும் வீட்டில் இருப்பவர் என்றால் ஆவே சரி. தினமும் பத்துப் பேர் கூடும் மேசையில் உட்காருபவர், பேட்டரியை மாற்ற விரல் ஒத்துழைக்காதவர் என்றால் அ கருவியை வாங்கலாம். ஆனால் அந்த 3 அலகு அளவீட்டை விட்டுவிட்டு வாங்கக் கூடாது. இந்தப் பட்டியலில் அதைவிடக் குறைந்த செலவில் அதிகப் பயன் தரும் வரி வேறு இல்லை.

மூன்றாவதாக ஒரு வழியையும் கேட்டுப் பார்க்கலாம். ஆ நிலையிலேயே ரீசார்ஜபிள் மாடல் பல குடும்பங்களில் இருக்கிறது. பேட்டரி வசதிக்காக மட்டும் உச்ச நிலைக்கு ஏறுவது தேவையற்ற தாவல். கொட்டேஷனில் அந்த இரண்டும் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தால் பிரித்துத் தரச் சொல்லுங்கள்.

## கொட்டேஷனில் எழுதி வாங்க வேண்டியவை

வாய்மொழியாக "எல்லாம் பார்த்துக்கொள்வோம்" என்பது கணக்கில் வராது. கீழுள்ளவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்கிய பிறகு இரண்டு கொட்டேஷன்களை அருகருகே வைக்கலாம்.

1. கம்பெனி, மாடலின் முழுப் பெயர், அந்தக் குடும்பத்தில் இது மேலிருந்து எத்தனையாவது நிலை, எந்த ஆண்டு வெளிவந்த தலைமுறை. பழைய தலைமுறையின் உச்ச நிலையைப் புதியதின் விலைக்கு விற்பது நடக்கிறது.
2. கருவியின் விலை தனியாக, பொருத்தும் கட்டணம் தனியாக, சேவைக் கட்டணம் தனியாக.
3. காதுக்குள் அளவீடு செய்யப்படுமா, இலக்குக் கோடும் கிடைத்த கோடும் உள்ள அச்சுத்தாளை உங்களுக்குத் தருவார்களா. "கம்ப்யூட்டரில் செட் செய்கிறோம்" என்பது இதற்குப் பதில் ஆகாது.
4. எந்த டோம் அல்லது உங்கள் காதின் வடிவத்துக்கே செய்த காது அச்சு, ஏன்.
5. எத்தனை அமர்வு, எத்தனை ஆண்டு வரை, அதற்குப் பிறகு ஓர் அமர்வுக்கு எவ்வளவு.
6. வாரண்டி எத்தனை ஆண்டு, ரிசீவரும் ரீசார்ஜபிள் பேட்டரியும் அதில் அடக்கமா, பழுது பார்க்கும் நாள்களில் மாற்றுக் கருவி தருவார்களா.
7. கருவியை வேறு ஊரில், வேறு ஆடியாலஜிஸ்டிடம் புரோகிராம் செய்ய முடியுமா. சில சங்கிலி நிறுவனங்கள் விற்கும் கருவிகள் அவர்களுடைய மென்பொருளில் மட்டுமே திறக்கும்படி பூட்டப்பட்டிருக்கும். வீடு மாறினாலோ அந்தக் கிளை மூடினாலோ கருவியை யாரும் தொட முடியாது. பூட்டிய கருவிக்கு விலை கணிசமாகக் குறைந்தால் ஒழிய அதை எடுக்க வேண்டாம்.
8. திருப்பித் தரும் காலம் எத்தனை நாள், அப்போது எவ்வளவு பிடித்தம். இரண்டு வாரம் போதாது. முதல் திருத்தமே இரண்டாம் வாரத்தில்தான் நடக்கிறது. முப்பது நாளுக்குக் குறையாமல் கேளுங்கள், அந்த நாள்களை எண்ணத் தொடங்குவது பணம் கட்டிய நாளிலிருந்தா, அளந்து பொருத்திய நாளிலிருந்தா என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.